பூங்கரகமும் இடுப்பு பெல்ட்டும்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் இருந்த பிரச்சினை, என் வீட்டுக்காரருக்கு சாமி வராததுதான். மற்ற வீடுகளில் மழை வரவில்லை, கரும்பு வெட்ட ஆள் வரவில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் சாமி வரவில்லை என்று உட்கார்ந்திருந்தோம். சொன்னால் சிரிப்பீர்கள். இப்போது நானும்தான் சிரிக்கிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை ஏறுவதற்கு முன்னால், கரும்புக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மன் திருவிழாவில் பூங்கரகம் தூக்குவது என் மாமனார் வீட்டு உரிமை. பித்தளைச் சொம்பில் ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, அதன்மேல் வேப்பிலையும் பூவும் கூம்பாகக் கட்டி, உச்சியில் எலுமிச்சம்பழம் செருகினால் அதுதான் கரகம். ஆற்றங்கரையில் ஜோடித்து வைத்து, பம்பை அடித்து அம்மனை வர்ணித்துப் பாடுவார்கள். தூக்குகிறவருக்கு சாமி வந்த பிறகுதான் தலையில் ஏற்றுவார்கள். சாமி வராத தலையில் கரகம் ஏறாது. ஏறிய கரகத்தைக் கையால் தொடக் கூடாது. வீட்டுக்கு வீடு காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், நின்று நின்று போக வேண்டும். இரண்டு மணி நேரமும் அது தலையில் தானாக நிற்க வேண்டும்.

மாமனார் போன பிறகு என் வீட்டுக்காரர் தூக்க ஆரம்பித்தார். நாலு வருஷம் ஒரு குறையும் இல்லை. அதற்கடுத்த வருஷம் முதல் அழைப்பில் சாமி வரவில்லை, இரண்டாவதில் வரவில்லை. மூன்றாவதில் கால் கொஞ்சம் ஆடியது. ஊரே ஓம் சக்தி என்றது. எனக்கு மட்டும் தெரியும், தூக்கத்தில் கொசு கடித்தால் அவர் கால் அப்படித்தான் ஆடும். கரகத்தை ஏற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடத் தெரு திருப்பத்தில் அது சரிந்தது. சட்டென்று வலது கையால் பிடித்துவிட்டார். பிடிக்காமல் இருந்திருந்தால் கீழே விழுந்திருக்கும், பிடித்ததால் மானம் விழுந்தது.

ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு சொன்னார்கள். அடுத்த ஆடியில் மூணு அழைப்புக்குள் சாமி வரணும், கை படாமல் கரகம் கோயில் சேரணும். இல்லாவிட்டால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். பங்காளி எங்கள் எதிர் வீடுதான், என் மாமனாருக்குத் தம்பி மகன். அன்றைக்கு மறுநாளே அவர் மொட்டை மாடியில் எவர்சில்வர் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடைபழக ஆரம்பித்துவிட்டார். காலையில் நான் வாசலில் கோலம் போடும்போது மேலே குடம் போகும், குடம் வரும். வயிற்றெரிச்சலாக இருக்கும். அப்பா தூக்கிய கரகம் தன் காலத்தில் கை மாறப் போகிறது என்ற நினைப்பில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வருஷமாகச் சரியான தூக்கம் இல்லை.

நான் வெள்ளிமலையில் அரசுப் பள்ளி டீச்சர். தினமும் மலைப் பாதை பஸ்ஸில் ஏறி இறங்குகிறவள். சும்மா இருக்க மாட்டாமல் அஞ்சல் வழியில் மானுடவியல் எம்.ஏ. சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சியில் வகுப்பு நடக்கும். அந்த வருஷம் எனக்கு வந்த கட்டுரைத் தலைப்பு, சடங்கில் உடம்பின் பங்கு. சாமி மனசில் வருகிறது என்று எழுதி முடித்துவிடாதீர்கள், முதுகில், வயிற்றில், மூச்சில் எப்படி வருகிறது என்று பார்த்து எழுதுங்கள் என்றார் வகுப்பு எடுத்தவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வாயெல்லாம் பல். ஊர் ஊராகப் போய் ஆள் தேட வேண்டியதில்லை. சாமி வராத உடம்பு ஒன்று என் வீட்டிலேயே பனியனோடு உட்கார்ந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் டிராக்டர் ஓட்டுகிறவர், கரும்பு லோடு அடிக்கிறவர். எதையும் இன்ஜின் கணக்கில்தான் யோசிப்பார். "நீதான் படிச்சவ டீச்சரு. எங்க ரிப்பேருன்னு பாத்து சொல்லிடு" என்றார்.

காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு வலது மணிக்கட்டில் ஏறியதும் ஆள் வேறு கணக்கில் வந்துவிடுகிறார். எட்டாம் நாள் திருவிழா, காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. செருப்பு இல்லை, பாய் இல்லை, நெஞ்சு வரை ஏற்றிக் கட்டிய மஞ்சள் வேட்டிதான். பொழுது சாயும்போது ஒரே வேளை, உப்பில்லாத பச்சரிசிப் பொங்கல். முக்கியமானது, பெண்டாட்டி கை படக் கூடாது. பட்டால் காப்பு முறிந்தது, கரகம் போனது. நான் தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிடுவேன், அவர் எடுத்துக்கொள்வார்.

கட்டுரைக்காக நானும் அதே விரதத்தைப் பிடித்தேன். கையில் கயிறு மட்டும்தான் இல்லை. நோட்டில் தினமும் எழுதினேன். முதல் நாள் பசியைவிடத் தலைவலிதான் கொன்றது. அது சாமியால் அல்ல, டீ இல்லாததால். இரண்டாம் நாள் கோபம். எனக்கு வழக்கமாகவே கோபம் ஜாஸ்தி, அன்றைக்கு ஐந்தாம் வகுப்பு முழுக்க வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பசி விட்டது. வயிறு ஒன்று இருப்பதையே மறந்த மாதிரி இருந்தது, ஆனால் மூக்கு கூர்மையானது. பஸ்ஸில் நாலு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தவர் மடியில் இருந்த பலாப்பழம் எந்தப் பக்கம் கனிந்திருக்கிறது என்று என்னால் சொல்லியிருக்க முடியும்.

நான்காம் நாளிலிருந்து உப்பில்லாததன் வேலை தெரிந்தது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும், காதில் ஒரு இரைச்சல் கேட்கும். அடி எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு நொடி நின்று, மூச்சு விட்டு, பிறகுதான் நடக்க முடிந்தது. அப்படி நடக்கிறவரைப் பார்த்தால் யாருக்கும் பக்திமான் என்றுதான் தோன்றும். நான் மலைப் பாதை வளைவுகளில் முன் சீட் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாந்தி வராமல் இருக்க மூச்சை நீளமாக விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள் பள்ளிக்கூட மணி அடித்தபோது சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் அடித்தது. பட்டினி உடம்பை மெல்லியதாக்கி வைத்திருக்கிறது, அதன்மேல் எது பட்டாலும் அதிரும் என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஆனால் நான் இப்படி அதிர்ந்துகொண்டிருக்க, காப்புக் கட்டிய மனுஷன் அசையாமல் இருந்தார். அதே பொங்கலைத்தான் சாப்பிட்டார், அதே தரையில்தான் படுத்தார். ஒன்றும் வரவில்லை, ஏப்பம்தான் வந்தது. எங்கேயாவது போய் பிஸ்கட் தின்கிறாரோ என்று சந்தேகப்பட்டு டிராக்டர் டூல் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். ஸ்பேனர்தான் இருந்தது.

சரி, பட்டினி பழுதில்லை, நிற்கிற விதத்தைப் பார்ப்போம் என்று தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து நடக்கச் சொன்னேன். பின்கட்டில்தான் நடந்தோம், எதிர் வீட்டு மாடிக்குத் தெரியக் கூடாதே. தலைச் சுமை ஒரு மனுஷனை என்ன செய்கிறது என்று அங்கேதான் கண்ணால் பார்த்தேன். கீழே பார்க்க முடியாது, திரும்பிப் பார்க்க முடியாது, பதில் சொல்லத் தலையாட்ட முடியாது. பார்வை தூரத்தில் ஒரே இடத்தில் நிற்கிறது. தாடை கொஞ்சம் உள்ளே போகிறது, கழுத்து நீளுகிறது. கூப்பிட்டால் காதில் விழாதவர் மாதிரி போகிறார். பாதி தெய்வக் களை குடத்திலேயே வந்துவிடுகிறது.

ஆனால் குடம் நிற்பது கழுத்தால் அல்ல, இடுப்பால். தண்ணீர் தூக்குகிற எந்தப் பெண்ணும் இதைச் சொல்வாள். கால் தரையில் வைக்கிற அதிர்ச்சியை முழங்கால் கொஞ்சம் வாங்கும், மீதியை இடுப்பு வாங்கி ஆட்டிக் கரைத்துவிடும், தலைக்கு ஒன்றும் போகாது. இவருக்கு இடுப்பே வாங்கவில்லை. மரம் நடந்த மாதிரி நடந்தார். அடிக்கு அடி தண்ணீர் தளும்பி முதுகில் வழிந்தது. இடுப்பைத் தளர விடுங்க என்றேன். தளர்த்திதான் இருக்கு என்றார். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் மூச்சுக்கு வந்தேன். ஆறாம் நாள் சாயங்காலம் அவரைத் தரையில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் தொடக் கூடாது, அதனால் பழத்தை உருட்டிவிட்டேன். அடி வயிற்றால் மூச்சு விட்டால் பழம் ஏறி இறங்கும், எண்ணிக்கொள்ளலாம். செல்போனில் நேரம் வைத்தேன். பழம் அசையவில்லை. நெஞ்சு மட்டும் மேலே மேலே போய் வந்தது. நான் தரையில் கன்னத்தை வைத்துப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அந்த நேரம் பார்த்துப் பூசாரி வந்துவிட்டார். அவர் பகலில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறவர், நல்ல மனுஷன். புருஷன் வயிற்றில் பழம், பெண்டாட்டி தரையில் கன்னம். ஒன்றும் கேட்காமல் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார்.

மேல் மூச்சு, பயத்தால், என்று நோட்டில் எழுதினேன். பயந்தவருக்கு மூச்சு வயிற்றுக்கு இறங்காது. நீளமாக வெளியே விட்டால்தான் உடம்பு இளகும். அதற்கு அம்மன் பாட்டை இழுத்து இழுத்துப் பாடச் சொன்னேன். பம்பைக்காரர் பாடுவதும் அதற்குத்தானே. ஒரு அடி முடியும்வரை மூச்சை விட்டுக்கொண்டே போக வேண்டும், காலியான பிறகு இழுக்கிற மூச்சு தானாக அடிவரைக்கும் போகும். இவர் அரை அடியில் நின்று இருமினார். எதிர் வீட்டு மாடியில் குடம் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏங்க, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிட்டேங்க என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கோமுகி ஆற்றங்கரைக்குப் போனோம். மணல் காலைச் சுட்டது. வெறும் கால் என்பதால் யாராலும் ஒரே இடத்தில் நிற்க முடியாது, மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் எழுதிக்கொண்டேன், கூட்டம் முழுக்க ஆடத் தயாராகத்தான் நிற்கிறது என்று. பம்பை நாலு பேர், உடுக்கை ஒருவர். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. பெண்கள் ஒரு பக்கம், நான் முன் வரிசையில், கையில் நோட்டு, பேனா, நேரம் ஓடுகிற செல்போன். நானும் விரதம் என்பதால் மஞ்சள் புடவை. எட்டு நாளில் என் ஜாக்கெட் தொளதொளவென்று ஆகியிருந்தது.

முதல் அழைப்பில் பம்பைக்காரர் நிதானமாகப் பாடினார். ஒவ்வொரு அடி முடிவிலும் அவர் ஓம் சக்தி என்பார், நாங்கள் பராசக்தி என்போம். என் வீட்டுக்காரர் கரகத்துக்கு முன்னால் கை கூப்பி நின்றார். கற்பூரம் எரிந்து அணைந்தது. ஒன்றும் இல்லை.

இரண்டாவது அழைப்பில் பம்பை அடி வேகமானது. பாட்டு அடி சின்னதாகிக்கொண்டே வரும், பராசக்தி அடிக்கடி வரும். கத்துவதற்கு மூச்சை வெடுக்கென்று இழுத்து முழுசாக விட வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். அப்படிக் கொஞ்ச நேரம் விட்டுக்கொண்டிருந்தால் உடம்பில் இருக்க வேண்டிய கரியமில வாயு கம்மியாகிவிடும், உதடு மரக்கும், விரல் நுனியில் எறும்பு ஊரும், தலை லேசாகும். எனக்கு இதெல்லாம் பாடமாகவே தெரியும். நாலு மணி பன்னிரண்டு நிமிஷம், விரல் மரக்கிறது என்று நோட்டில் எழுதியும் இருக்கிறேன். பெருமையாகத்தான் எழுதினேன். இரண்டாவது கற்பூரமும் அணைந்தது. பங்காளி சட்டையைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்தார்.

மூன்றாவது அழைப்புக்கு முன்னால் ஆற்றில் முழுக்குப் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் முங்கி எழுந்து வந்தார். நனைந்த மஞ்சள் வேட்டி உடம்போடு ஒட்டியது. அப்போதுதான் பார்த்தேன். வேட்டிக்கு அடியில், விலா எலும்புக்குக் கீழே ஒரு நேர்க் கோடு. இடுப்பு எலும்பின் மேல் இன்னொரு கோடு. மனுஷ உடம்பில் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி கோடு எங்கே இருக்கும்?

பெல்ட்! போன வருஷ ஆடிக்கு ஒரு மாதம் முன்னால் லோடு ஏற்றும்போது முதுகில் தட்டு விலகி, டாக்டர் கொடுத்த இடுப்பு பெல்ட். ஒட்டுப் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுவது. காப்புக் கட்டிய அன்றைக்கே பீரோவில் வைத்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னவர், எட்டு நாளும் வேட்டிக்கு அடியில் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வலிக்குப் பயந்து. அசையாத இடுப்பு, ஏறாத எலுமிச்சம்பழம், பாதியில் நின்ற பாட்டு, போன வருஷம் சரிந்த கரகம், எல்லாம் ஒரே நேரத்தில் என் முன்னால் வந்து நின்றன. வயிற்றைக் கட்டிப் போட்டுவிட்டு சாமியை மூச்சில் வா என்றால் அது எந்த வழியாக வரும்?

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. எட்டு நாள் உப்பில்லாமல் தின்றேன், பஸ்ஸில் உயிரை விட்டேன், எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு தரையில் கிடந்தேன். மூன்றாவது கற்பூரத்தை ஏற்றிவிட்டார்கள். பம்பை உச்சத்துக்குப் போனது. நான் அவர் கண்ணைப் பிடிக்கப் பார்த்தேன், அவர் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லலாம் என்று திரும்பினேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதலாம் என்றால் விரல்கள் உள்பக்கம் மடங்கிக்கொண்டன, பேனா மணலில் விழுந்தது. கற்பூரம் பாதி எரிந்துவிட்டது. கரகம் கண் முன்னால் போகப் போகிறது என்று தெரிந்தது. ஒரு கால் முன்னால் வைத்தேன். கண் இருட்டியது. நான்காம் நாளிலிருந்து எழுந்தால் இருட்டுகிற அதே இருட்டு, ஆனால் அது விலகவில்லை.

அதுவரைக்கும் நான் சொல்ல முடியும். அதற்கு மேல் மற்றவர்கள் சொன்னது.

தலைமுடி அவிழ்ந்து, நேராக நடந்து போனேனாம். வழியில் நின்றவர்கள் தானாக விலகினார்களாம். என் வீட்டுக்காரர் முன்னால் நின்று, குரலே வேறாக, "என் புள்ளய கட்டி வச்சிருக்கிறவன் எவன்டா" என்றேனாம். பதினெட்டு வருஷத்தில் அவரை நான் ஏங்க என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிட்டதில்லை. பிறகு வேட்டி மடிப்புக்குள் கையை விட்டு இழுத்திருக்கிறேன். ஒட்டுப் பட்டை பிய்கிற சத்தம் இருக்கிறதே, சர்ரென்று, அது பம்பைக்கு மேல் கேட்டதாம். பம்பைக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் என் வீட்டுக்காரர் ஒரு மூச்சு விட்டார், டயரில் காற்று இறங்குகிற மாதிரி, நீளமாக. எட்டு நாளாக உள்ளே கட்டிக் கிடந்த வயிறு வெளியே வந்தது. அடுத்த மூச்சு அடிவரைக்கும் போனது. அதோடு அவர் உடம்பு உள்ளங்காலிலிருந்து குலுங்கியது. கரகத்தை ஏற்றினார்கள். ஊரைச் சுற்றி, பள்ளிக்கூடத் தெரு திருப்பத்தைத் தாண்டி, இடுப்பு ஆடி ஆடி, ஒரு கை படாமல் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு நினைவு வந்தபோது மணலில் கிடந்தேன், கரகம் அப்போதுதான் கரையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. முகத்தில் மஞ்சள் தண்ணீர். பத்துப் பதினைந்து பெண்கள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி தன் மகளுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையில் பெல்ட் இருந்தது. விரல்கள் அதன்மேல் இறுகிக்கொண்டு திறக்கவில்லை. பூசாரி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். அம்மன் பிடுங்கிய பொருளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே போடவும் பயம், திருப்பிக் கொடுக்கவும் பயம். கடைசியில் குங்குமம் வைத்து, கோயில் வாசல் சூலத்தில் மாட்டிவிட்டார். செல்போனில் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பதினேழு நிமிஷம் நோட்டில் ஒன்றுமே இல்லை.

இத்தோடு முடிந்ததா? திருவிழா முடிந்து மூன்றாம் நாள் காப்பு அவிழ்க்கக் கூடினோம். பங்காளி எழுந்தார். நியாயமாகத்தான் கேட்டார், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வந்தது அம்மன் என்றால் அவர் தலை வணங்குகிறார். வந்தது டீச்சர் என்றால், காப்புக் கட்டியவர் மேல் பெண்டாட்டி கை பட்டிருக்கிறது, காப்பு முறிந்த பிறகு ஏறிய கரகம் கரகமே இல்லை, உரிமை அவருக்கு வர வேண்டும். யார் என்று அண்ணியே கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சொல்லட்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றி என் முன்னால் நீட்டினார்.

ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டு நின்றார், முகம் வெளுத்துவிட்டது. அம்மன்தான் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது தெரியுமே, பெல்ட்டைப் பார்த்தது தெரியுமே, ஏன் விரல் மடங்கியது என்று அதன் காரணம்கூடத் தெரியுமே. நான்தான் என்று சொன்னால், அந்தக் குரல் யாருடையது? அவ்வளவு கூட்டத்தில் எப்படி நடந்தேன்? பொய் சொல்ல வரவில்லை, உண்மை என்னவென்று தெரியவில்லை.

"பெல்ட்ட பாத்த வரைக்கும் நான்தான்" என்றேன். "ஒரு கால் எட்டு வச்சேன். அதுக்கு மேல தெரியல. நான்தான்னு சொன்னாலும் பொய்யி, இல்லன்னு சொன்னாலும் பொய்யி."

பங்காளி வாயைத் திறந்தார். பூசாரி தட்டைக் கீழே வைத்தார்.

"அவ்ளோதான்" என்றார். "ஆத்தா வந்துச்சின்னு அடிச்சி சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். யாருக்கு வந்துச்சோ அவங்களுக்கு எப்படி தெரியும்?"

கரகம் எங்கள் வீட்டிலேயே நின்றது. எதிர் வீட்டு மாடியில் குடம் நடப்பதும் நின்றது. சூலத்தில் மாட்டிய பெல்ட் மட்டும் நிற்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு லாரி டிரைவர் முதுகுவலி தீர வேண்டி தன் பெல்ட்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். பிறகு ஒரு கழுத்துப் பட்டை வந்தது, ஒரு முழங்கால் உறை வந்தது. இப்போது எலவனாசூர்கோட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள், என் அம்மா வீடு அங்கேதான், எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குத்தான் முதுகுவலி அப்படியே இருக்கிறது. அம்மன் பிடுங்கியதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, ஊர் கண்ணில் படும்படி புதுசு வாங்கிக் கட்டவும் முடியாது. வீட்டுக்குள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிக்கொள்கிறார்.

கட்டுரையை எழுதி அனுப்பினேன். பட்டினி, நிற்கிற விதம், மூச்சு எல்லாம் விவரமாக எழுதினேன். பதினேழு நிமிஷத்தை வெற்று இடமாக விட்டு, இங்கே எனக்கு நினைவில்லை என்று ஒரே வரி போட்டேன். திருத்தியவர் பக்கத்தில் சிவப்பு மையில், இந்தப் பகுதிக்குச் சாட்சி உண்டா என்று கேட்டிருந்தார்.

சாட்சி உண்டு. காப்பு அவிழ்த்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நான் உப்புப் போட்டுக் குழம்பு வைத்து, பத்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாகத் தட்டைக் கையில் கொடுத்தேன். அவர் தட்டை வாங்கவில்லை, என் விரலைத்தான் பிடித்தார்.

"இடுப்புல கை பட்டதும் உன் கைதான்னு எனக்கு தெரிஞ்சிடுச்சி" என்றார். "இந்த கைய எனக்கு தெரியாதா? அப்பாடா, வந்துட்டாளேன்னு மூச்ச வுட்டேன். அப்பறம்தான் ஆத்தா வந்துது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கற்பூரத்தை அவர் முன்னால் யாராவது நீட்டியிருந்தால் கரகம் அன்றைக்கே எதிர் வீட்டுக்குப் போயிருக்கும். நல்ல வேளை, தூக்கியவரை ஒருத்தரும் கேட்கவில்லை. கட்டுரையிலும் நான் அதை எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன், எங்கள் பங்காளி புத்தகம் படிக்கிறவர் இல்லை.